படத்தை அது வரையட்டும், எழுத்தை நாம் கோப்போம்

பிரிக்பீல்ட்ஸில் பேனர், பண்டிங், அழைப்பிதழ் வடிவமைப்பது என் தொழில். முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் ஒரு தாளில் வாசகத்தை எழுதிக்கொண்டு வருவார்கள். இப்போது படமாகவே கொண்டுவருகிறார்கள். ஏஐ கருவியில் தாங்களே செய்த படம்; பார்க்க அழகாகவும் இருக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன பொங்கலுக்கு அப்படித்தான் ஒன்றை அனுப்பினார். பொங்கி வழியும் பானை, இரண்டு பக்கமும் கரும்பு, மஞ்சள் கொத்து, பின்னால் விடியற்காலை வெளிச்சம். மேலே பெரிய பொன்னிற எழுத்தில் ஒரு தலைப்பு, அதன் கீழே சிறிய எழுத்தில் மூன்று நான்கு வரிகள். "எல்லாமே இருக்கு தம்பி, இதையே அடிச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

படத்தில் இருந்த மலாய் வரி எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருந்தது. தமிழ்த் தலைப்பைக் கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தால் 'பொங்கல்' மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்து வாசித்தால் ங-வின் மேல் புள்ளியைக் காணவில்லை. ப-வுக்குப் பின்னால் வரவேண்டிய கால், ர-வா காலா என்று சொல்ல முடியாத ஒரு கோடாக நின்றது. கடைசி எழுத்து ல-வுக்கும் வ-வுக்கும் நடுவில் எதுவோ. கீழே இருந்த சிறிய வரிகள் எந்த மொழியும் இல்லை. தமிழ் எழுத்தின் வளைவுகளை மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தது.

இது ஏன் இப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், கருவியிடம் என்ன கேட்கலாம், எதை அதன் பொறுப்பில் விடக்கூடாது என்பது தானாக விளங்கும். அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் எழுத்தைத் தட்டச்சு செய்வதில்லை. அவற்றுக்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. பெரும்பாலானவை வெறும் இரைச்சல் புள்ளிகளில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தெளியவைத்துப் படமாக்குகின்றன. பானை எப்படி இருக்கும், கரும்புத் தோகை எப்படி வளையும் என்று கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்றதைப் போலவே, தலைப்பு எழுத்து எப்படித் தோற்றமளிக்கும் என்பதையும் தோற்றமாகவே கற்றிருக்கின்றன. கரும்பில் ஒரு கணு கூடினாலும் குறைந்தாலும் கரும்பு கரும்புதான். எழுத்தில் ஒரு வளைவு கூடினால் அது வேறு எழுத்து. இந்த வேறுபாடு கருவிக்குத் தெரியாது.

நாம் எழுதிக் கொடுக்கும் விவரணையும் எழுத்து எழுத்தாக உள்ளே போவதில்லை. 2022இல் வெளிவந்து பரவலான ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் வாக்கியத்தைத் துண்டுதுண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்து, அதன் பொருளை மட்டும் படம் வரையும் பகுதிக்கு அனுப்பும். அப்படி ஒரு நேரத்தில் 77 துண்டுகள் வரைதான் போகும். ஆங்கிலத்தில் பழக்கமான ஒரு சொல் முழுவதுமே ஒரு துண்டாகிவிடும். தமிழ்ச் சொல் அப்படி அகப்படாது. பைட்டு பைட்டாகச் சிதறிவிடும். யூனிகோடின் UTF-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு. 'பொங்கல்' என்ற சொல் கணினிக்குள் இப்படி இருக்கிறது:

```
ப   U+0BAA
ொ   U+0BCA
ங   U+0B99
்   U+0BCD
க   U+0B95
ல   U+0BB2
்   U+0BCD
```

ஏழு குறியீடு, இருபத்தொரு பைட்டு. இந்தச் சிதறலுக்கும் 'பொங்கல்' என்ற சொல்லின் வடிவத்துக்கும் உள்ள தொடர்பைக் கற்றுக்கொள்ள, அந்தச் சொல் எழுதிய படங்களும் அவற்றுக்குத் தமிழில் எழுதிய விவரணைகளும் ஏராளமாக வேண்டும். அந்த மாதிரியின் முதல் பதிப்புகளுக்குப் பெரும்பாலும் ஆங்கில விவரணை உள்ள படங்களையே கொடுத்துப் பழக்கினார்கள். விவரணையை எழுத்து எழுத்தாகப் படிக்கும் பகுதியைச் சேர்த்தால் படத்தில் எழுத்துப்பிழை குறைகிறது என்று 2022 இறுதியிலேயே கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பிறகு வந்த கருவிகளில் ஆங்கிலத் தலைப்புகள் பெரும்பாலும் சரியாக வருகின்றன. உரோமன் எழுத்தைப் பயன்படுத்துவதால் மலாய்க்கும் அந்தப் பயன் கிடைக்கிறது. ஆபத்தும் இங்கேதான். மேலே இருக்கும் மலாய் வரி சரியாக இருப்பதைப் பார்த்து, தமிழ் வரியும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் அளவு. தமிழுக்குக் குறிப்பாக அடி விழுவது இதில்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைக் கருவி படத்தை நேரடியாகப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டத்தை ஒரே அலகாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் வேலை செய்கிறது, கடைசியில்தான் விரிக்கிறது. அக்காவின் படம் 1024 பிக்சல் அகலம். தலைப்பில் ஒரு எழுத்து சுமார் நூறு பிக்சல் இருந்தால் அதன் புள்ளி பத்துப் பதினைந்து பிக்சல், அதாவது ஒன்றிரண்டு கட்டம். தப்பிப் பிழைத்தாலும் பிழைக்கும். கீழே 'குடும்பத்துடன் வருக' என்று வந்திருக்க வேண்டிய வரியில் ஒரு எழுத்துக்கு முப்பது பிக்சல்தான் இடம். அங்கே புள்ளி நாலைந்து பிக்சல். ஒரு கட்டத்தைவிடச் சிறியது. புதிய மாதிரிகள் ஒரு கட்டத்துக்குள் கூடுதல் நுணுக்கத்தைச் சேமிக்கின்றன என்றாலும், சிறிய எழுத்துதான் எப்போதும் முதலில் உடைகிறது. புள்ளியும், எ-கரக் கொம்பையும் ஏ-காரக் கொம்பையும் வேறுபடுத்தும் சுழியும், ன ண, ல ள ழ என்பவற்றைப் பிரிக்கும் வளைவுகளும் இந்த அளவுக்குள்தான் இருக்கின்றன. தமிழில் சொல்லின் உயிரே அவைதான்.

"அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்தச் சொல்லிப் பார்க்கலாமா?" என்று பலரும் கேட்பார்கள். நான் அந்த வழியில் நேரத்தைச் செலவழிப்பதில்லை. திருத்தச் சொன்னால் பல கருவிகள் படம் முழுவதையும் மறுபடி வரைகின்றன. புள்ளி வரும், பக்கத்து எழுத்து மாறும், பானையின் கழுத்தும் மாறும். அந்தப் பகுதியை மட்டும் குறித்துக் கொடுத்தாலும் அங்கே நடப்பதும் அதே ஓவியம்தான், தட்டச்சு அல்ல. அபூர்வமாகத் தலைப்பு சரியாகவே வந்துவிட்டாலும் அது படத்தோடு ஒட்டிய நிறப்புள்ளிகள். நாளை தேதி மாறினால் ஒன்றும் செய்ய முடியாது, பெரிதாக்கினால் விளிம்பு மங்கும்.

எண்கள் இன்னும் மோசம். உடைந்த தமிழ் எழுத்து கண்ணில் படும். தவறான தொலைபேசி எண் படாது. கருவி வரைந்த எண் பார்க்க அச்சு மாதிரி இருக்கும், ஒரு இலக்கம் மட்டும் வேறாக இருக்கும். தேதி, விலை, முகவரி, தொலைபேசி எண் எதையும் படத்துக்குள் கேட்கவே கூடாது. தேசியக் கொடியும் இதில் சேரும். ஜாலூர் கெமிலாங்கில் 14 பட்டை, 14 முனை நட்சத்திரம். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டிய எதையும் இந்தக் கருவிகள் உத்தரவாதமாக வரைவதில்லை. கொடி தேவையென்றால் சரியான வெக்டார் கோப்பை எடுத்து வடிவமைப்பில் வைக்கவேண்டும்.

ஆக, கருவியிடம் கேட்க வேண்டியது எழுத்தை அல்ல, எழுத்துக்கான இடத்தை. அக்காவின் படத்தை அப்படித்தான் மறுபடி செய்தோம். விவரணையில் 'போஸ்டர்', 'பேனர்', 'வாழ்த்து அட்டை' என்ற சொற்களை எடுத்துவிட்டோம். அந்தச் சொற்களைக் கண்டாலே கருவி எழுத்தைத் தூவத் தொடங்கும், ஏனென்றால் அது கற்ற போஸ்டர்கள் எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது. அதற்குப் பதில் காட்சியைச் சொன்னோம்: மண்பானை கீழ்ப்பாதியில், கரும்பு இரு ஓரத்தில், மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானம், ஒரே சீரான நிறம், எழுத்தோ பலகையோ வேண்டாம். பொங்கல் பானைக்கு இது எளிது. ஜாலான் துன் சம்பந்தன் மாதிரி ஒரு கடைத்தெருவைக் கேட்டால் பின்னணியில் இருக்கும் ஒவ்வொரு கடைப் பலகையிலும் பொய் எழுத்து முளைக்கும். அந்த மாதிரி வேலைக்கு நான் தெருவில் இறங்கி நிஜப் படம் எடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் பலகைகளை ஃபோட்டோஷாப்பில் வெறும் நிறமாக மூடவேண்டும். மங்கலாக்கினால் மட்டும் போதாது, நம் கண் மங்கலிலும் எழுத்தைத் தேடும்.

படத்தை வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். அக்காவிடமிருந்து அப்படி வந்தது 1024க்கு 1536 பிக்சல். அவருக்குக் கடைக் கண்ணாடியில் ஒட்ட ஏ3 போஸ்டரும், வாசலில் கட்ட இரண்டடிக்கு ஐந்தடி பண்டிங்கும் வேண்டும். ஏ3-யின் அகலம் 297 மில்லிமீட்டர். 1024 பிக்சலை அதில் பரப்பினால் ஒரு அங்குலத்துக்கு 88 பிக்சல்கூட முழுதாக இல்லை. பண்டிங்கின் 24 அங்குல அகலத்தில் பரப்பினால் 43. இன்டிசைனில் படத்தை வைத்துவிட்டு லிங்க்ஸ் பலகையில் `Effective PPI` என்ற இடத்தைப் பார்த்தால் இந்த எண் தெரியும். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வாங்கினேன். போஸ்டருக்கு 175 கிடைத்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அது போதும். பானையும் வானமும் சற்று மென்மையாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது. எழுத்து மென்மையாக இருந்தால் உறுத்தும். வடிவமைப்புக் கருவியில் தட்டச்சு செய்யும் எழுத்து வெக்டார் வடிவம் என்பதால் அதற்கு இந்தப் பிக்சல் கணக்கே இல்லை. எத்தனை அடிக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

ஏ3 பக்கத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் விட்டு, படத்தை ஒரு லேயரிலும் எழுத்தைத் தனி லேயரிலும் வைத்தேன். இந்த இடத்தில் தமிழுக்கென்று ஒரு அமைப்பைச் செய்தாக வேண்டும். இன்டிசைனில் பத்திப் பலகையின் மெனுவில் `Adobe World-Ready Paragraph Composer` என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் மென்பொருள் குறியீடுகளைச் சேமித்த வரிசையிலேயே கொட்டும். யூனிகோடில் ப முதலில், ஒ-கரக் குறி பின்னால். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ப-வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் இயந்திரத்தின் வேலை. அது ஓடவில்லை என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது ஒரு புள்ளி வட்டம் தெரியும். நம் ஊரில் பொது இடங்களில் கட்டியிருக்கும் பதாகைகளில் கொம்பு இடம் மாறிய தமிழைப் பார்த்து மனம் நோகாத தமிழர் இருக்க மாட்டார்கள். அந்தப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம் இந்த மாதிரி ஒரு அமைப்பைச் செய்யாமல் விடுவதுதான். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு `Show Indic Options` என்பதை முதலில் திறக்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கிறது, பழைய 1.4-ஐ வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள். கான்வா போன்றவை கேட்காமலே சரியாகக் காட்டும்.

வாசகத்தை எழுத்தாக வாங்குங்கள். படமாக வாங்கித் திரும்பத் தட்டச்சு செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் தட்டிய தமிழ் யூனிகோடுதான், அப்படியே ஒட்டலாம். பழைய அழைப்பிதழ்க் கோப்பிலிருந்து எடுத்தால் கவனம் வேண்டும். அக்கா சென்ற ஆண்டு போஸ்டரிலிருந்து அனுப்பிய வரி எனக்கு `nghq;fy;` என்று வந்தது. அது குப்பை அல்ல. பாமினி எழுத்துருவில் தட்டிய 'பொங்கல்'. அந்த எழுத்துரு ஆங்கில விசைகளின்மேல் தமிழ் உருவங்களை ஒட்டவைத்தது. யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, மாற்றியதை மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டும்.

எழுத்துருவுக்கு நமக்குக் குறையில்லை. மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். மேக் கணினியோடு வரும் `InaiMathi` அவர் வரைந்தது. திறந்த உரிமத்தில் முக்தா மலர், பலூ தம்பி, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கிடைக்கின்றன. அக்காவின் தலைப்புக்குப் பலூ தம்பியின் தடித்த எடை. பானையின் உருண்டைக்கு அது பொருந்தியது. மற்ற வரிகளுக்கு முக்தா மலர். அதில் உரோமன் எழுத்தும் சேர்ந்தே இருப்பதால் மலாய் வரியும் ஆங்கில முகவரியும் தமிழோடு ஒரே குடும்பமாகத் தெரியும்.

தமிழைக் கோக்கும்போது நான் விடாமல் பார்க்கும் விஷயங்கள் சில உண்டு. எழுத்து இடைவெளியை அகட்டக்கூடாது. ஆங்கிலத் தலைப்பை அகட்டினால் கம்பீரமாக இருக்கும். தமிழில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய், ஒரு எழுத்து மூன்றாகத் தெரியும். தடிப்பு வேண்டுமென்று எழுத்தைச் சுற்றிக் கோடு போடக்கூடாது. ண, ஞ, ஜ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று வரைந்த தடித்த எடையைத் தேர்ந்தெடுங்கள். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். கீழே இறங்கும் உ-கர வால்களும் மேலே ஏறும் ஈ-காரச் சுழிகளும் மோதாமலிருக்க, 36 புள்ளி எழுத்துக்கு 48 புள்ளி வரி வைத்தேன். ஹைஃபன் போடும் வசதியை அணைத்துவிட்டு, நீண்ட வரிகளைப் பொருள் பிரியும் இடத்தில் நானே உடைத்தேன்.

படத்தோடு எழுத்து ஒட்டி நிற்கவில்லை, மேலே ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள். கருவி வரைந்த பொன்னெழுத்தில் அவர்களுக்குப் பிடித்தது அந்த ஒட்டுதல்தான். அதைத் திரும்பக் கொண்டுவர முடியும். எழுத்தின் நிறத்தை வேறெங்கும் தேடாமல் படத்திலிருந்தே எடுங்கள்: அக்காவின் தலைப்புக்கு மஞ்சள் கொத்தின் நிழல் பகுதியிலிருந்து கரும்பழுப்பை எடுத்தேன். விடியல் ஒளி இடப்பக்கத்திலிருந்து வருவதால் எழுத்தின் நிழலை வலப்பக்கம், மிக மெல்லியதாக, கருப்பாக அல்லாமல் அதே பழுப்பில் `Multiply` முறையில் வைத்தேன். வானம் வெளுத்திருந்த இடத்தில் எழுத்துக்குப் பின்னால் பட்டை எதுவும் தேவைப்படவில்லை. கீழே முகவரி வரிக்கு மட்டும், பானையின் அடுப்புக் கற்களுக்குமேல் எழுத்து தெளியாததால், அடியில் ஒரு அடர்நிறப் பட்டை கொடுத்தேன்.

பண்டிங்குக்கு இதே கோப்பை இழுத்து நீட்ட முடியாது. 24 அங்குல அகலத்தில் படம் 36 அங்குல உயரம்தான் வரும். பண்டிங் 60 அங்குலம். மீதி 24 அங்குலத்தை வானத்தின் மேல்விளிம்பு நிறத்தால் நிரப்பி, சேரும் இடத்தை மெல்லக் கரைத்துவிட்டால் எழுத்துக்கு முழு இடம் கிடைத்துவிடும். எழுத்து உயிரோடு தனி லேயரில் இருந்ததால்தான் இது அரைமணி நேர வேலையானது. பண்டிங்கின் மேலும் கீழும் பிவிசி குழாய் செருக மடிப்பார்கள். அந்த இடத்தில் மூன்று அங்குலமாவது எழுத்து எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். கடைக்கு வெளியே கட்டுவது என்றால் நகராண்மையின் அனுமதியும், மலாய் வாசகம் எடுப்பாகத் தெரிவதும் முக்கியம். வாசகத்தை முடிவு செய்யும் நாளிலேயே அதைக் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் மலாய் வரி பெரிதானால் தமிழ்த் தலைப்புக்கு மிச்சமிருக்கும் இடம் மாறும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் கோப்பை இரண்டாகச் சேமிப்பேன். ஒன்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், அது என்னிடம். நகலில் `Type > Create Outlines` கொடுத்து எழுத்தை வடிவமாக்கி, அதிலிருந்து பிடிஎஃப். அச்சகத்தின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும், அங்கே யாராவது கோப்பைத் திறந்து சேமித்தாலும், கொம்பு இடம் மாறாது. பிறகு அந்தப் பிடிஎஃபைத் தொலைபேசியில் திறந்து, வடிவமைத்த என்னைத் தவிர வேறொருவரை உரக்க வாசிக்கச் சொல்வேன். மனசுக்குள் வாசித்தால் கண் தானே புள்ளியை வைத்துக்கொள்ளும். எண்களை இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும், அந்த எண்ணுக்கு அழைத்தும் பார்க்க வேண்டும். அக்கா தன் கடை எண்ணுக்குத் தானே அழைத்து, மணி அடித்த பிறகுதான் அச்சுக்குச் சரி சொன்னார்.